சேர்க்கையை ரத்து செய்யும் மெயிலிலேயே பணம் திரும்ப வருமா என்று கேட்கலாமா?

மேலூர்_தம்பி · 13 ஆகஸ்ட் 2024, இரவு 9.12

தங்கச்சிக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் சீட் போட்டு ஜூலையிலேயே பணம் கட்டிவிட்டோம். இப்போது அரசு கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போகத்தான் ஆசை. இங்கே வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. சேர்க்கைக்குக் கடைசித் தேதி ஆகஸ்ட் 31 என்று அவர்கள் தளத்தில் இருக்கிறது.

கட்டியது: முதல் செமஸ்டர் கல்விக் கட்டணம் 1,05,000, பதிவு, நூலகம், தேர்வு எல்லாம் சேர்த்து 12,500, காஷன் டெபாசிட் 5,000, ஹாஸ்டல் அட்வான்ஸ் 20,000. மொத்தம் 1,42,500. ப்ராஸ்பெக்டஸில் "எக்காரணம் கொண்டும் ரூ.25,000 திரும்பத் தரப்படாது" என்று ஒரு வரி.

அனுப்ப நினைக்கும் மெயில்: "ஐயா, என் தங்கை வேறு கல்லூரியில் சேர யோசித்து வருகிறாள். விலகினால் கட்டணம் ஏதும் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு என்று தெரிவித்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும்." சரியா?

வைகறை · 13 ஆகஸ்ட், இரவு 9.40

யூஜிசி ஸ்லாப் இருக்கே. கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்னாடி விலகினால் 100%. 15 நாளுக்குள் வந்துவிட்டால் 90%. தேதி முடிந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. 31-ல் 15 போக 16. ஆக வெள்ளிக்கிழமைக்குள் மெயில் போயாகணும், இல்லைன்னா பத்து சதவீதம் காலி. யோசிக்காம அனுப்புங்க.

நூலகவாசல் · 13 ஆகஸ்ட், இரவு 9.58

எங்க யூனிவர்சிட்டியில் செமஸ்டர் ஆரம்பித்து பத்து வேலை நாளுக்குள் கோர்ஸ் டிராப் பண்ணலாம், டிரான்ஸ்கிரிப்டில் வராது. ஃபேகல்ட்டி அட்வைசர் கையெழுத்து வேணும். காசு மட்டும் திரும்ப வராது, கிரெடிட் கணக்கில்தான் கழிப்பாங்க.

ரயில்பூச்சி · 13 ஆகஸ்ட், இரவு 10.03

அண்ணே, அவர் ஒரு பாடத்தை விடல, பல்கலைக்கழகத்தையே விடுறார்.

கணக்குப்பிள்ளை · 13 ஆகஸ்ட், இரவு 10.47

தம்பி, அந்த மெயிலை அப்படியே அனுப்பாதீர்கள். அது விலகல் மெயிலே இல்லை, விசாரணை மெயில். "யோசிக்கிறாள்", "விலகினால்", "முடிவெடுக்க வசதியாக" என்று மூன்று இடத்தில் இன்னும் விலகவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். பீஸ் செக்‌ஷனில் இதை அட்மிஷன் செல்லுக்கு ஃபார்வர்டு பண்ணுவார்கள். அங்கிருந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து "நேரில் வந்து பார்க்கவும்" என்று பதில் வரும். அதற்குப் பிறகு நீங்கள் முறையாக எழுதிக் கொடுக்கும் நாளைத்தான் விலகிய நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் மெயில் கணக்கிலேயே வராது.

பணம் வருமா என்று கேட்பதில் தப்பில்லை, அதே மெயிலில் கேட்கலாம். ஆனால் விலகல் முதல் வாக்கியத்தில், நிபந்தனை இல்லாமல், தேதியோடு இருக்கணும். "இன்று முதல் என் சேர்க்கையை விலக்கிக்கொள்கிறேன்." முடிந்தது. அதற்கு அடுத்த பத்தியில் "எனக்குச் சேரவேண்டிய தொகை எவ்வளவு, எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்." பதில் எப்படி வந்தாலும் விலகல் நிற்கும், தேதியும் நிற்கும்.

இன்னொன்று. அண்ணன் அனுப்பக்கூடாது. மாணவி பெயரில், விண்ணப்பத்தில் பதிவான மெயில் ஐடியிலிருந்து போகணும். வேறு ஐடியிலிருந்து போனால் "மாணவியிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வரவில்லை" என்பதுதான் முதல் பதில்.

வைகறை · 13 ஆகஸ்ட், இரவு 11.05

நான் சொன்ன 16-ம் தேதி கணக்கு அப்படியே நிற்குதில்லையா?

கணக்குப்பிள்ளை · 14 ஆகஸ்ட், காலை 6.30

அது 2018 அக்டோபர் அறிவிப்பின் கணக்கு. படிகள் நீங்கள் சொன்னபடிதான். ஒன்று விட்டுப்போச்சு: 100% என்று இருக்கிற படியிலும் செயலாக்கச் செலவாக 5% வரை பிடிக்கலாம், உச்சவரம்பு ரூ.5,000.

ஆனால் 2024-25 கல்வியாண்டுக்கு யூஜிசி தனியாக ஜூன் 12-ல் ஒரு கடிதம் போட்டிருக்கிறது. செப்டம்பர் 30, 2024 வரை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திருப்பித் தரணும். அக்டோபர் 31 வரை என்றால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்கக்கூடாது. சேர்க்கையே அக்டோபர் 31-ஐத் தாண்டிப் போகிற நிறுவனங்களுக்குத்தான் பழைய 2018 படிகள். 2022-லும் 2023-லும் இதே மாதிரி அந்தந்த வருஷத்துக்குக் கடிதம் வந்தது, தேதிகள் மட்டும் வேறு. 2022-ல் முழுத் தொகைக்கு அக்டோபர் 31 வரை கொடுத்தார்கள். அதனால் போன வருஷ ஃபார்வர்டு மெசேஜை வைத்து இந்த வருஷத்துக்குத் தேதி சொல்லக்கூடாது. இந்த இழையை அடுத்த வருஷம் தேடி வருகிறவர்களுக்கும் அதேதான்.

தம்பி கணக்கைப் போட்டே காட்டுகிறேன். காஷன் டெபாசிட்டை எந்தக் கணக்கிலும் தொடக்கூடாது, 5,000 முழுசாக வரணும். ஹாஸ்டலை இப்போதைக்குத் தனியாக வையுங்கள். மீதி 1,05,000 + 12,500 = 1,17,500.

2018 கணக்கில் 16-ம் தேதிக்குள் என்றால்: 5% என்பது 5,875, உச்சவரம்பு இருப்பதால் 5,000 பிடிப்பு. 1,12,500 + 5,000 = 1,17,500 வரும்.
அதே கணக்கில் 17-ம் தேதி முதல் என்றால்: 90%, அதாவது 1,05,750 + 5,000 = 1,10,750.
2024 கடிதப்படி செப்டம்பர் 30 வரை: 1,17,500 + 5,000 = 1,22,500.

அவர்களுடைய ப்ராஸ்பெக்டஸ் கணக்கில் 25,000 போய்விடும். அந்த வரியைப் பார்த்துத்தான் நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். யூஜிசி விதியைவிடத் தாராளமாக ஒரு பல்கலைக்கழகம் எழுதிக்கொள்ளலாம், அதைவிடக் குறைத்து எழுத முடியாது.

மேலூர்_தம்பி · 14 ஆகஸ்ட், காலை 8.15

அப்போ வெள்ளிக்கிழமைக்குள் அவசரப்பட வேண்டாமா? அரசு கல்லூரியில் 21-ம் தேதிதான் சான்றிதழ் சரிபார்ப்பு.

கணக்குப்பிள்ளை · 14 ஆகஸ்ட், காலை 8.52

வேண்டாம். இந்த வருஷக் கடிதம் கையில் இருக்கும்போது 16-க்கும் 22-க்கும் பணத்தில் வித்தியாசம் இல்லை. 21-ம் தேதி அங்கே பணம் கட்டி, ரசீதும் சேர்க்கை எண்ணும் கைக்கு வந்தபின் அன்று சாயங்காலமே இங்கே மெயில் அனுப்புங்கள். விலகல் மெயில் போனபின் "திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க வழி கிடையாது. சீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், கொடுக்கவும் வேண்டும்.

அதற்காக செப்டம்பர் 30 வரை இழுக்கவும் வேண்டாம். வகுப்பு தொடங்கி வருகைப் பதிவில் பெயர் ஏறிவிட்டால் டி.சி. விஷயம் சிக்கலாகும்.

வைகறை · 14 ஆகஸ்ட், காலை 9.30

கடிதம் கடிதம் என்கிறீர்கள். பல்கலைக்கழகம் 2018 ஸ்லாப்தான் எங்களுக்கு என்று அடம்பிடித்தால்? 16-க்குள் அனுப்பியிருந்தால் அதிலும் பாதுகாப்பு. இரண்டு கணக்குக்கும் 6,750 வித்தியாசம். நான் என்றால் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை · 14 ஆகஸ்ட், காலை 10.10

அரசு சீட் உறுதியாவதற்கு முன் இருக்கிற ஒரே சீட்டை விடுவதுதான் பெரிய ரிஸ்க். 6,750 ரூபாய்க்கு ஒரு வருஷத்தைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

அம்மாபேட்டை · 14 ஆகஸ்ட், மதியம் 1.20

நீட் கோச்சிங்கில் பையனை இரண்டு மாசத்தில் நிறுத்தினேன். வருஷப் பணம் முழுக்கக் கட்டியது. இதே யூஜிசி கடிதத்தைக் காட்டினேன், சிரிச்சாங்க. இதெல்லாம் பேப்பரில்தான் போல.

கணக்குப்பிள்ளை · 14 ஆகஸ்ட், மதியம் 2.05

அக்கா, அங்கே சிரிக்கத்தான் செய்வார்கள், பயிற்சி மையத்துக்கு யூஜிசி சம்பந்தமில்லை. அதற்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் தனி வழிகாட்டுதல் போட்டது. நடுவில் விட்டால் மீதிக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி 10 நாளுக்குள் தரணும், விடுதி, உணவுக் கட்டணமும் சேர்த்து. ஆனால் அது மாநில அரசுகள் நடைமுறைப்படுத்தவேண்டிய வழிகாட்டுதல், நேரடியாகச் சட்டம் இல்லை. உங்களுக்கு இருக்கிற இன்னொரு வழி நுகர்வோர் ஆணையம். பயிற்சி மையத்தை அங்கே இழுக்கலாம். பல்கலைக்கழகத்தை இழுப்பதுதான் கஷ்டம். 2010-ல் சுர்ஜீத் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகம் தருவது அந்தச் சட்டத்தின்கீழ் வரும் சேவை இல்லை என்று சொன்னதிலிருந்து அந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை.

ரயில்பூச்சி · 14 ஆகஸ்ட், மாலை 5.44

அப்போ இன்ஜினீயரிங்? மாமா பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்.

கணக்குப்பிள்ளை · 14 ஆகஸ்ட், மாலை 6.20

ஏஐசிடிஇ அங்கீகாரக் கல்லூரி என்றால் அவர்கள் கையேட்டில் உள்ள விதி. படிப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது. தொடங்கியபின் என்றால் அந்த சீட் கடைசித் தேதிக்குள் நிரம்பியதா என்று பார்ப்பார்கள். நிரம்பினால் மாதக் கணக்கில் கழித்துக்கொண்டு மீதி. நிரம்பாவிட்டால் டெபாசிட்டும் சான்றிதழும்தான். கலந்தாய்வு சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவம் என்றால் இந்த இழையே வேண்டாம், அங்கே பாண்டு, இடைநிற்றல் தொகை என்று வேறு உலகம்.

மேலூர்_தம்பி · 15 ஆகஸ்ட், காலை 11.00

திருத்தி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம், பொருள் புரிய இங்கே தமிழில்:

"பொருள்: சேர்க்கை விலகல், கட்டணம் திருப்பித் தரக் கோரிக்கை. விண்ணப்ப எண் ____, எம்.எஸ்சி. வேதியியல்.

நான் மேற்கண்ட படிப்பில் பெற்ற சேர்க்கையை 21.08.2024 முதல் விலக்கிக்கொள்கிறேன். என் இடத்தை வேறு மாணவருக்கு ஒதுக்கலாம். தங்கள் மேலான நிறுவனத்தில் படிக்கும் பாக்கியம் கிடைக்காமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன். குடும்பச் சூழ்நிலை, பொருளாதார நிலை காரணமாக இம்முடிவு. கருணையோடு பரிசீலித்து இயன்ற தொகையைத் திருப்பித் தரவும்."

கணக்குப்பிள்ளை · 15 ஆகஸ்ட், மதியம் 12.15

முதல் இரண்டு வாக்கியமும் நன்று. சீட்டை வேறு மாணவருக்கு ஒதுக்கலாம் என்று சொன்னது முக்கியம், இழப்பு என்று பின்னால் பேச முடியாது. அதற்குக் கீழே எல்லாவற்றையும் எடுங்கள். கருணை கேட்டால் கருணையாகத்தான் தருவார்கள், "இயன்ற தொகை" என்றால் அவர்களுக்கு இயன்றது. காரணம் சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. அந்த இடத்தில் இதைப் போடுங்கள்:

"12.07.2024 அன்று ரூ.1,42,500 செலுத்தினேன், பரிவர்த்தனை எண் ____, ரசீது இணைப்பில். வகுப்பு எதிலும் நான் கலந்துகொள்ளவில்லை. யூஜிசியின் 12.06.2024 தேதியிட்ட 2024-25 கட்டணத் திருப்பல் கடிதப்படி எனக்குச் சேரவேண்டிய தொகையைத் தலைப்பு வாரியாக, அதாவது கல்விக் கட்டணம், பிற கட்டணங்கள், காஷன் டெபாசிட், விடுதி முன்பணம் எனப் பிரித்துத் தெரிவிக்கவும். ஏதேனும் பிடித்தம் இருந்தால் எந்த விதியின்படி என்று குறிப்பிடவும். வங்கிக் கணக்கு விவரமும் ரத்து செய்த காசோலையின் நகலும் இணைப்பில். அசல் சான்றிதழ்கள் தங்களிடம் உள்ளவை: ____. அவற்றை எந்த நாளில் பெற்றுக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவும்."

தேதியை உங்கள் ரசீதில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். "தலைப்பு வாரியாக" என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மொத்தமாக ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிட்டால் காஷன் டெபாசிட் அதில் வந்ததா, ஹாஸ்டலை விழுங்கிவிட்டார்களா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணைத்து, அதே வாசகத்தை மெயில் உடலிலும் போடுங்கள். சேர்க்கைப் பிரிவுக்கு அனுப்பி, பதிவாளருக்கும் நிதி அலுவலருக்கும் நகல். மறுநாள் அதே கடிதம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்.

நூலகவாசல் · 15 ஆகஸ்ட், மாலை 4.30

போர்ட்டலில் வித்டிரா பட்டன் இருக்கான்னு பார்த்தீங்களா? சில இடத்தில் அதை அமுக்கினாத்தான் சிஸ்டத்தில் விலகல் ஏறும். மெயில் மட்டும் போனா, ஃபைனான்ஸ் ஆளு ஸ்க்ரீனில் இன்னும் "அட்மிட்டட்"னே காட்டும், ரீஃபண்ட் போட முடியாதுன்னுவான்.

கணக்குப்பிள்ளை · 15 ஆகஸ்ட், மாலை 5.02

நல்ல பாயிண்ட். பட்டன் இருந்தால் மெயிலுக்குப் பிறகு அதையும் அமுக்குங்கள். அமுக்குமுன் வரும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, தேதி நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். "பணம் திரும்பக் கோர மாட்டேன்" என்று டிக் அடிக்கச் சொன்னால் அடிக்காமல் நிறுத்தி, அதைப் படம் எடுத்து மெயிலில் இணையுங்கள்.

அம்மாபேட்டை · 16 ஆகஸ்ட், காலை 7.50

லோன் போட்டுக் கட்டியிருந்தா?

கணக்குப்பிள்ளை · 16 ஆகஸ்ட், காலை 8.33

அப்போது மாணவி கணக்கு எண்ணைக் கொடுக்காமல் லோன் கணக்கு எண்ணையே கொடுக்கணும். வங்கிக் கிளைக்கும் அதே நாளில் ஒரு கடிதம். திரும்பி வருகிற வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பல்கலைக்கழகம் தராது. புதுக் கல்லூரிக்குப் பழைய லோன் தானாக மாறாது, வங்கி மறுபடி ஒப்புதல் கொடுக்கணும்.

மேலூர்_தம்பி · 22 ஆகஸ்ட், இரவு 8.20

லோன் இல்லை, அப்பா சேமிப்பு. நேற்று அங்கே பணம் கட்டி ரசீது வாங்கிவிட்டோம், சாயங்காலம் மெயிலும் போயாச்சு. அரசு கல்லூரியில் அசல் டி.சி. பத்து நாளுக்குள் கேட்கிறார்கள், அது இவர்களிடம் இருக்கிறது. போனில் கேட்டால் "நோ டியூஸ் வாங்கிட்டு வாங்க, பீஸ் செட்டில் ஆனதும் தர்றோம்" என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை · 22 ஆகஸ்ட், இரவு 9.15

2018 அறிவிப்பில் இதற்கும் விதி இருக்கிறது. அசல் சான்றிதழ்களைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடணும், கையில் வைத்துக்கொள்ளக்கூடாது. பணத்தையும் சான்றிதழையும் சேர்த்து முடிச்சுப் போட விடாதீர்கள். போனில் பேசியதை ஒரு மெயிலாக எழுதுங்கள்: "இன்று தொலைபேசியில் இவ்வாறு சொன்னீர்கள், டி.சி. இன்ன தேதிக்குள் தேவை." நேரில் போகும்போது அதன் பிரிண்ட் கையில் இருக்கட்டும். வகுப்புக்கே போகாததால் கொடுத்த அதே டி.சி.யைக் கேளுங்கள். அவர்கள் புது டி.சி. எழுதினால் படிப்பை இடையில் நிறுத்தினாள் என்று வாசகம் வரலாம், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வைகறை · 23 ஆகஸ்ட், காலை 10.05

ஹாஸ்டல் அட்வான்ஸ் பற்றி யாரும் முடிக்கவில்லை. 20,000 சின்னத் தொகையா?

கணக்குப்பிள்ளை · 23 ஆகஸ்ட், காலை 11.40

முடிக்க முடியாததால்தான் முடிக்கவில்லை. 2018 அறிவிப்பில் கட்டணம் என்பது படிப்புக் கட்டணமும் மற்ற கட்டணங்களும், டெபாசிட் நீங்கலாக. அந்த "மற்ற"தில் விடுதி வரும் என்று மாணவர் தரப்பு சொல்லும். விடுதி தனி ஒப்பந்தம், தனி ரசீது என்று நிர்வாகம் சொல்லும். ரசீது ஒன்றாக இருந்தால் உங்கள் வாதம் பலம். அறைச் சாவியே வாங்காததால் முழுசாகக் கேளுங்கள், அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கல்விக் கட்டணம் அளவுக்கு உறுதியாக என்னால் சொல்ல முடியாது.

வைகறை · 23 ஆகஸ்ட், மதியம் 12.02

டெபாசிட் என்று ரசீதில் போட்டிருந்தால் முழுசா வரணும், அட்வான்ஸ் என்று போட்டிருந்தால்தான் இழுபறி. ரசீதைப் பாருங்க தம்பி.

மேலூர்_தம்பி · 27 ஆகஸ்ட், மாலை 6.45

ரசீது ஒன்றுதான், "விடுதி முன்பணம்" என்று இருக்கிறது. டி.சி. கிடைத்துவிட்டது, பழையதே. பணத்துக்கு ஒரு ஃபார்ம் மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. "ரூ. ____ பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்திருக்கிறது. தொகை இடம் காலி. அதை நிரப்பாமல் அனுப்பச் சொன்னார்கள்.

ரயில்பூச்சி · 27 ஆகஸ்ட், மாலை 6.58

பிளாங்க் செக் கேள்விப்பட்டிருக்கேன், பிளாங்க் ரசீது இப்பதான்.

கணக்குப்பிள்ளை · 27 ஆகஸ்ட், இரவு 7.30

முன்ரசீது வாங்குவது ஆடிட்டுக்காக, அதில் சூது ஒன்றும் இல்லை, எல்லா இடத்திலும் உண்டு. காலியாக விடுவதுதான் கூடாது. 1,42,500 என்று எண்ணிலும் எழுத்திலும் நீங்களே நிரப்புங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பதற்குப் பக்கத்தில் "மேற்கண்ட தொகை முழுவதும் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பின்" என்று கையால் எழுதி, அங்கேயும் ஒரு சிறு கையெழுத்து. அந்தத் தொகை சரியில்லை என்றால் அவர்கள் ஃபார்மைத் திருப்பி அனுப்பி, எவ்வளவு என்று எழுதியாகணும். நீங்கள் கேட்ட தலைப்பு வாரிக் கணக்கு அப்படியாவது வெளியே வரும்.

எழுத்துபூர்வ விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தரணும் என்பது விதி. 21-ம் தேதி மெயிலிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 5. ஃபார்ம் வந்த நாளிலிருந்து எண்ண ஒத்துக்கொள்ளாதீர்கள். 6-ம் தேதி ஒரு நினைவூட்டல், நான்கு வரி போதும். அதற்கும் அசையாவிட்டால் யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார். முதல் மெயில், ரசீது, தபால் ஒப்புகை, இந்த ஃபார்ம் நான்கையும் ஒரே பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். புகார் எண் வந்ததும் அதைப் பதிவாளருக்கு மெயிலில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பைல் நகரும்.

மேலூர்_தம்பி · 6 செப்டம்பர், காலை 9.10

நேற்று சாயங்காலம் 1,22,500 வந்திருக்கிறது. 25,000 பற்றிப் பேச்சே இல்லை. ஹாஸ்டல் பற்றியும் பேச்சில்லை.

கணக்குப்பிள்ளை · 6 செப்டம்பர், காலை 9.48

அப்போது ஃபார்மில் எழுதிய 1,42,500 இன்னும் நிறைவேறவில்லை, கோரிக்கை உயிரோடு இருக்கிறது. 20,000-க்கு மட்டும் இன்றைக்கே நினைவூட்டல் அனுப்புங்கள், விடுதி வார்டனுக்கும் நகல் போட்டு.